Ksp கணக்கு: பார்முலாவா, டேபிளா, ரெண்டு வரியா? அஞ்சு கேள்விலயும் போட்டுப் பார்த்தாச்சு

காட்பாடில நான் பன்னிரண்டாம் வகுப்பு பசங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கறேன். ரிவிஷனுக்காக கரைதிறன் பெருக்கத்துல அஞ்சே அஞ்சு கேள்வி வெச்சு ஒரு ஷீட் போட்டேன், ஈஸியா ஆரம்பிச்சு போகப் போக கஷ்டமாகிற மாதிரி. மூணாவது கேள்வில மூணு பேர் மூணு விடை கொண்டு வந்தாங்க. குடியாத்தத்துல இருந்து வர்ற பையன் ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்த பார்முலாவ அப்படியே போட்டிருந்தான், ஆற்காட்டுப் பொண்ணு அரை பக்கத்துக்கு டேபிள் கட்டியிருந்தா, இன்னொருத்தன் ரெண்டே வரி எழுதி முடிச்சிட்டான். "இன்னா சார், எத ஃபாலோ பண்றது, எக்ஸாம்ல எத எழுதினா சேஃப்பு?"ன்னு மூணு பேரும் கேட்டாங்க. அதுக்கப்புறம் வேற பேட்ச்லயும் இதே கேள்வி வந்துச்சு, அதனால அதே அஞ்சு கேள்விய மூணு வழிலயும் போட்டு, எது எங்க நிக்குது எது எங்க விழுதுன்னு இங்க எழுதறேன். ஷீட்டோட விடையும் இதுக்குள்ளயே இருக்கு.

## எத வெச்சு முடிவு பண்றது

மூணு விஷயம் பார்க்கறேன்.

முதல்ல, டைமும் மார்க்கும். பொதுத்தேர்வுல கால்குலேட்டர் கிடையாது, வர்க்கமூலம் கனமூலம் எல்லாம் கைலதான். ரெண்டு மார்க் கேள்வில அரை பக்கம் எழுதிட்டு இருந்தா அஞ்சு மார்க் கேள்விக்கு வர்றப்போ கை ஓடும், மூளை ஓடாது. அதே சமயம் விடைய மட்டும் எழுதினா ஸ்டெப்புக்கான மார்க் போயிடும்.

ரெண்டாவது, கேள்விய கொஞ்சம் திருப்பிக் கேட்டா வழி தாங்குதா. "தண்ணீரில்"ங்கற வார்த்தைய எடுத்துட்டு "0.01 M வெள்ளி நைட்ரேட் கரைசலில்"னு போட்டாலே கணக்கு வேற ஆயிடுது.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, பசங்க யாரும் இத யோசிக்கறதில்ல. தப்பு பண்ணினா நமக்கே தெரியுமா? விடைய பார்த்த உடனே "இது வர முடியாதே"ன்னு தோணுமா?

## மூணு வழியும் என்னென்ன

பார்முலா வழி: உப்பு AB மாதிரி இருந்தா Ksp = s², AB₂ இல்ல A₂B மாதிரி இருந்தா 4s³, AB₃ இருந்தா 27s⁴. உப்பு எந்த டைப்புன்னு பார்த்து நேரா s கண்டுபிடிச்சிடலாம். s-னா மோலார் கரைதிறன், ஒரு லிட்டர்ல எத்தன மோல் கரையுதுங்கறது.

டேபிள் வழி: சமன்பாடு எழுதி, ஒவ்வொரு அயனிக்கும் கீழ முதல்ல எவ்ளோ இருந்துச்சு, எவ்ளோ மாறுது, சமநிலைல எவ்ளோ இருக்குன்னு மூணு வரி. அப்புறம் கடைசி வரிய Ksp-ல போடறது.

ரெண்டு வரி வழி: முதல் வரில Ksp-ய அயனிச் செறிவுகளோட பெருக்கமா, அடுக்கோட எழுதணும். ரெண்டாவது வரில ஒவ்வொரு அயனியையும் "ஏற்கனவே இருந்தது + உப்பு கொடுத்தது"ன்னு எழுதணும். அவ்ளோதான். டேபிளோட முதல் வரியும் கடைசி வரியும் இதுக்குள்ள இருக்கு, நடு வரிய மட்டும் விட்டுட்டோம்.

## கேள்வி 1: வெறும் தண்ணில AgCl

*AgCl-ன் Ksp 1.8 × 10⁻¹⁰. தண்ணீரில் அதன் கரைதிறனை மோல்/லிட்டரிலும் கிராம்/லிட்டரிலும் காண்க. மூலக்கூறு நிறை 143.5.*

AgCl ⇌ Ag⁺ + Cl⁻. ஒண்ணுக்கு ஒண்ணு, அதனால s² = 1.8 × 10⁻¹⁰. அடுக்கு இரட்டைப்படை எண், அப்படியே வர்க்கமூலம் எடுக்கலாம்: s = 1.34 × 10⁻⁵ M. 143.5-ஆல பெருக்கினா 1.92 × 10⁻³ கிராம், அதாவது ஒரு லிட்டர் தண்ணில ரெண்டு மில்லிகிராமுக்கும் கொஞ்சம் கம்மி. சால்ட் அனாலிசிஸ்ல வெள்ளி நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டதுமே தயிர் மாதிரி வெள்ளையா வர்றதுக்கு இதான் காரணம்.

இங்க பார்முலா வழி ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடுது. டேபிள் கட்டினா முதல் வரில 0, 0, கடைசி வரில s, s, அத எழுதி ஒரு லாபமும் இல்ல. ரெண்டு வரி வழியும் பார்முலாவும் இங்க ஒண்ணேதான். ஆனா பார்முலா ஆளுங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன், அந்த சமன்பாட்டையும் Ksp = [Ag⁺][Cl⁻]-ங்கற வரியையும் எழுதிட்டு அப்புறம் s²-க்கு போங்க. நேரா s = √Ksp-ல ஆரம்பிச்சா எங்க இருந்து வந்துச்சுன்னு பேப்பர்ல ஒண்ணும் இருக்காது, திருத்தறவங்க ஸ்டெப் மார்க் எதுக்கு போடுவாங்க?

## கேள்வி 2: வெறும் தண்ணில CaF₂

*CaF₂-ன் Ksp 3.2 × 10⁻¹¹ எனில், தூய நீரில் அதன் மோலார் கரைதிறனையும் ஃப்ளோரைடு அயனிச் செறிவையும் காண்க.*

(CaF₂-க்கு ஒரு புக்குல ஒரு மதிப்பு, இன்னொரு புக்குல வேற மதிப்பு இருக்கும், நிறைய உப்புக்கு அப்படித்தான். கேள்வில என்ன கொடுத்திருக்காங்களோ அத மட்டும் எடுங்க, மனப்பாடம் பண்ணின நம்பர போடாதீங்க.)

CaF₂ ⇌ Ca²⁺ + 2F⁻
Ksp = [Ca²⁺][F⁻]² = (s)(2s)² = 4s³
s³ = 3.2 × 10⁻¹¹ ÷ 4 = 8 × 10⁻¹²
s = 2 × 10⁻⁴ M, [F⁻] = 4 × 10⁻⁴ M

பார்முலா வழில 4s³ ஞாபகம் இருந்தா ரொம்ப வேகம். ஆனா மறந்துட்டா நீங்களா கட்டணும், அங்கதான் மாட்டிப்பாங்க. என்கிட்ட வர்ற பேப்பர்ல இந்தக் கேள்விக்கு ரெண்டு தப்பு விடை திரும்பத் திரும்ப வரும். 2.5 × 10⁻⁴ வந்தா, 2s-ஐ முழுசா வர்க்கம் பண்ணாம s-ஐ மட்டும் பண்ணி 2s³-ன்னு எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். 3.2 × 10⁻⁴ வந்தா, ரெண்டு ஃப்ளோரைடுங்கறதயே விட்டுட்டு s³ போட்டிருக்காங்க. அடைப்புக்குறி போட்டு (2s)²-ன்னு எழுதறவங்களுக்கு இந்த ரெண்டு தப்பும் வர்றதே இல்ல, ரெண்டு வரி வழில அது தானாவே வந்துடும்.

கடைசில [F⁻] கேட்டிருக்காங்களே, பார்முலா ஆளுங்க நிறைய பேர் s-ஓட நிறுத்திடறாங்க. ஃப்ளோரைடு 2s. இந்த 4 × 10⁻⁴ M-ங்கறது லிட்டருக்கு 7.6 மில்லிகிராம் ஆகுது, குடிநீர்ல ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு வரம்பு இருக்கு. கரையாத உப்புன்னு நாம சொல்றது கூட அந்த வரம்ப அஞ்சு மடங்கு தாண்டற அளவுக்கு கரையுது.

## கேள்வி 3: பொது அயனி இருக்கறப்போ Ag₂CrO₄

*Ag₂CrO₄-ன் Ksp 1.1 × 10⁻¹². (அ) 0.01 M AgNO₃ கரைசலில், (ஆ) 0.01 M K₂CrO₄ கரைசலில் அதன் மோலார் கரைதிறன் என்ன?*

இந்த ஷீட்டோட இதயமே இந்தக் கேள்விதான். பார்முலா வழி இங்க விழுந்துடும். குடியாத்தம் பையன் ரெண்டுக்குமே 4s³ போட்டு s = 6.5 × 10⁻⁵-ன்னு எழுதியிருந்தான், ரெண்டுக்கும் ஒரே விடை. அந்த விடை வெறும் தண்ணிக்கு சரி. ஆனா கரைசல்ல ஏற்கனவே வெள்ளி அயனி இருக்கு, அத அவனோட பார்முலால போட இடமே இல்ல. 4s³-ங்கறதுக்குள்ளயே "ரெண்டு அயனியும் இந்த உப்புல இருந்துதான் வந்துச்சு"ங்கற ஒரு ஊகம் ஒளிஞ்சிருக்கு, மனப்பாடம் பண்றப்போ அந்த ஊகத்த யாரும் சேர்த்து மனப்பாடம் பண்றதில்ல.

டேபிள்ல (அ) இப்படி வரும்:

| | Ag⁺ | CrO₄²⁻ |
|---|---|---|
| முதல்ல | 0.01 | 0 |
| மாற்றம் | +2s | +s |
| சமநிலைல | 0.01 + 2s | s |

s ரொம்ப சின்னது, அதனால 0.01 + 2s-ஐ 0.01-ன்னே எடுத்துக்கலாம்.
(0.01)² × s = 1.1 × 10⁻¹²
s = 1.1 × 10⁻⁸ M

(ஆ)-ல முதல் வரி மட்டும் மாறுது. Ag⁺ 0, CrO₄²⁻ 0.01. சமநிலைல 2s-உம் 0.01 + s-உம்.
(2s)² × 0.01 = 1.1 × 10⁻¹²
4s² = 1.1 × 10⁻¹⁰
s² = 27.5 × 10⁻¹²
s = 5.2 × 10⁻⁶ M

ஒரே செறிவு பொது அயனி, ஆனா வெள்ளி இருந்தா கரைதிறன் ஐநூறு மடங்குக்கு கிட்ட கம்மியா இருக்கு. வெள்ளிக்கு வர்க்கம் இருக்கறதாலதான். டேபிள் போட்டவங்க இத கண்ணால பார்க்கறாங்க.

ஆனா டேபிள் போட்டும் ஆற்காட்டுப் பொண்ணுக்கு (அ) தப்பாதான் வந்துச்சு. 2.75 × 10⁻⁹-ன்னு எழுதியிருந்தா. பார்த்த உடனே தெரிஞ்சுடுச்சு, முதல் வரில 0.01-க்கு பதிலா 0.02 போட்டிருக்கா. "வெள்ளி முன்னாடி 2 இருக்கே சார், அதான் ரெண்டால பெருக்கினேன்"னா. அந்த 2 வெள்ளி குரோமேட்டோடது மா, இந்த 0.01 வந்தது AgNO₃-ல இருந்து, அது ஒரு வெள்ளி தான் கொடுக்கும்னு சொன்னதும் புரிஞ்சிக்கிட்டா. இது டேபிள் வழியோட மறைமுகச் செலவு, கட்டம் கட்டமா நிரப்பறப்போ எந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிக்காம கை தானா நிரப்பிடும். ரெண்டு வரி வழில "[Ag⁺] = AgNO₃ கொடுத்தது 0.01 + உப்பு கொடுத்தது 2s"-ன்னு வார்த்தையோட எழுதறதால இந்த தப்பு கம்மியா வருது.

ரெண்டு வரி பையனுக்கு (அ) சரி. (ஆ)-ல 1.05 × 10⁻⁵-ன்னு எழுதியிருந்தான். அது s இல்ல, [Ag⁺]. வெள்ளிய x-ன்னு வெச்சு கண்டுபிடிச்சிட்டு ரெண்டால வகுக்க மறந்துட்டான். ஒரு மோல் உப்பு ரெண்டு மோல் வெள்ளி கொடுக்குது, அதனால கரைஞ்ச உப்பு வெள்ளில பாதி. சுருக்கமா எழுதறவங்க s-ஐ எதுக்கு வெச்சோம்னு ஓரத்துல ஒரு வார்த்தை எழுதிக்கணும், அது இல்லேன்னா இப்படித்தான் ஆகும்.

இன்னொண்ணும் நிறைய பேர் எழுதறாங்க, "பொது அயனி சேர்த்ததால் Ksp குறைகிறது"ன்னு. Ksp குறையாது. வெப்பநிலை மாறினாதான் Ksp மாறும். இங்க குறையறது கரைதிறன், s. விளக்கம் கேட்டா இந்த ஒரு வார்த்தை மாறினாலே மார்க் போயிடும்.

அப்புறம் அந்த "s சின்னது, விட்டுடலாம்"ங்கறது எப்பவும் செல்லாது. AgCl-ஐ 10⁻⁵ M NaCl-ல கரைச்சா என்ன ஆகும்னு பாருங்க. s-ஐ விட்டுட்டா s = 1.8 × 10⁻¹⁰ ÷ 10⁻⁵ = 1.8 × 10⁻⁵. ஆனா வெறும் தண்ணிலயே 1.34 × 10⁻⁵ தான், பொது அயனி இருக்கறப்போ அதவிட ஜாஸ்தி எப்படி கரையும்? வர முடியாத விடை. அங்க s(s + 10⁻⁵) = 1.8 × 10⁻¹⁰-ன்னு இருபடிச் சமன்பாடு போட்டா 9.3 × 10⁻⁶ வரும், அதுதான் சரி. வெறும் தண்ணில எவ்ளோன்னு ஒரு தடவ பார்முலால போட்டு ஓரத்துல எழுதி வெச்சுக்கிட்டா, இந்த மாதிரி தப்பு உடனே மாட்டிக்கும். பார்முலாவ தூக்கிப் போடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

## கேள்வி 4: கலந்தா வீழ்படிவு வருமா?

*0.01 M CaCl₂ 30 மில்லியும் 0.005 M Na₂SO₄ 20 மில்லியும் கலக்கப்படுகின்றன. CaSO₄ வீழ்படிவாகுமா? Ksp = 2.4 × 10⁻⁵.*

இங்க s-க்கே வேலை இல்ல. பார்முலா ஆளுங்க s = √Ksp கண்டுபிடிச்சிட்டு அத வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க. அயனிப் பெருக்கத்த Ksp-ஓட ஒப்பிடணும், அவ்ளோதான்.

மொத்தம் 50 மில்லி.
[Ca²⁺] = 0.01 × 30 ÷ 50 = 0.006 M
[SO₄²⁻] = 0.005 × 20 ÷ 50 = 0.002 M
அயனிப் பெருக்கம் = 0.006 × 0.002 = 1.2 × 10⁻⁵

இது 2.4 × 10⁻⁵-ஐ விட கம்மி, வீழ்படிவு வராது.

கலக்கறப்போ நீர்த்துப் போறத மறந்துட்டு 0.01 × 0.005 = 5 × 10⁻⁵-ன்னு போட்டா Ksp-ய தாண்டிடும், "வீழ்படிவு வரும்"னு முடிவே தலைகீழா ஆயிடும். நம்பர் நான் வேணும்னேதான் அப்படி வெச்சேன். இன்னும் ஒரு ஆபத்தான தப்பு இருக்கு, கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் பாதியாக்கறது. அப்போ 1.25 × 10⁻⁵ வரும், முடிவும் "வராது"ன்னு சரியாவே வந்துடும், ஆனா வழி தப்பு. சம கன அளவா இருந்தா மட்டும்தான் பாதி.

டேபிள் இங்க பெருசா உதவாது. மாற்றம்ங்கற வரில எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, ஏன்னா எதுவும் வீழ்படியவே இல்ல. ரெண்டு வரி வழி இதுக்குன்னே செஞ்ச மாதிரி: முதல் வரில பெருக்கம், ரெண்டாவதுல ஒவ்வொரு அயனியும் கலந்ததுக்கு அப்புறம் எவ்ளோங்கறது.

## கேள்வி 5: நம்ம ஊரு குரோமியம்

*Cr(OH)₃-ன் Ksp 6.3 × 10⁻³¹. (அ) தூய நீரில் அதன் மோலார் கரைதிறன் என்ன? (ஆ) 0.01 M Cr³⁺ உள்ள தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் எந்த pH-ல் Cr(OH)₃ வீழ்படியத் தொடங்கும்?*

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடறதுல குரோமியம் சல்பேட் போடறாங்க, தோல்ல ஏறாத மிச்சம் கழிவுநீரோட வருது. காரம் போட்டு pH-ஐ ஏத்தினா குரோமியம் பச்சை கலந்த ஹைட்ராக்சைடா கீழ உக்காந்துடும். இந்தக் கணக்கு அதோட முதல் படி.

(அ)-வுக்கு பார்முலா: 27s⁴ = 6.3 × 10⁻³¹. s⁴ = 2.33 × 10⁻³², s = 1.24 × 10⁻⁸. அழகா வந்துடுச்சு. டேபிள்ல முதல் வரி 0, 0-ன்னு போட்டாலும் இதே விடைதான். ரெண்டுமே தப்பு.

எப்படித் தெரியும்? அந்த விடைப்படி [OH⁻] = 3s = 3.7 × 10⁻⁸. ஆனா தூய தண்ணிலயே 10⁻⁷ OH⁻ இருக்கே! உப்பு கொடுக்கறதவிட தண்ணி கொடுக்கறது ஜாஸ்தி. காரத்த தண்ணில போட்டா OH⁻ கம்மியாகுமா என்ன? இந்த விடைய நம்பினா கரைசல் அமிலமாயிடுச்சுன்னு சொல்ற மாதிரி ஆகுது.

சரியான வழில முதல் வரில OH⁻-க்கு 0 போடக் கூடாது, 10⁻⁷ போடணும்.
[Cr³⁺][OH⁻]³ = s × (10⁻⁷)³ = 6.3 × 10⁻³¹
s = 6.3 × 10⁻³¹ ÷ 10⁻²¹ = 6.3 × 10⁻¹⁰ M

திரும்ப செக் பண்ணுங்க: 3s = 1.9 × 10⁻⁹, 10⁻⁷-ல ரெண்டு சதவீதம் கூட இல்ல, விட்டுட்டது சரிதான். பார்முலா விடை இதவிட இருபது மடங்கு ஜாஸ்தி. "ஏற்கனவே இருந்தது"ன்னு கேட்டுப் பழகினவங்களுக்கு மட்டும்தான் தண்ணியோட OH⁻ ஞாபகம் வரும், ரெண்டு வரி வழில அந்தக் கேள்விய ஒவ்வொரு அயனிக்கும் கேட்டே ஆகணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், சில கைடுல இந்த மாதிரி ஹைட்ராக்சைடுக்கு 27s⁴ போட்டே விடை கொடுத்திருப்பாங்க. அப்படி கேள்வி வந்தா 27s⁴ எழுதிட்டு நிறுத்தாதீங்க, 3s-ஐ 10⁻⁷-ஓட ஒப்பிட்டு ஒரு வரி சேர்த்து எழுதுங்க.

(ஆ) [OH⁻]³ = 6.3 × 10⁻³¹ ÷ 0.01 = 6.3 × 10⁻²⁹
அடுக்கு மூணால வகுபடல, அதனால 63 × 10⁻³⁰-ன்னு மாத்திக்கோங்க. 63-ஓட கனமூலம் கிட்டத்தட்ட 4 (4³ = 64).
[OH⁻] = 4 × 10⁻¹⁰
pOH = 10 − 0.6 = 9.4, pH = 4.6

pH 4.6-லயே, அதாவது அமிலப் பக்கத்துலயே, குரோமியம் வீழ்படிய ஆரம்பிச்சிடுது. வெளிய விடற கழிவுநீர்ல மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம்ங்கறது வரம்பு. அந்த அளவுக்கு இறங்கணும்னா (3.85 × 10⁻⁵ M) இதே கணக்குல pH 5.4 போதும்னு வரும். நிஜத்துல எட்டு பக்கம் வரைக்கும் ஏத்தறாங்க, ஏன்னா கழிவுநீர்ல இருக்கற மத்த பொருளுங்க குரோமியத்த அணைவா பிடிச்சு வெச்சுக்கும், நம்ம கணக்கு வெறும் Cr³⁺-ஐ மட்டும்தான் பார்க்குது. அதுக்காக காரத்த கொட்டிக்கிட்டே போகவும் முடியாது, ரொம்ப ஏத்தினா Cr(OH)₃ திரும்ப கரைஞ்சிடும், அது ஈரியல்பு ஹைட்ராக்சைடு.

ஒரு பையன் கேட்டான், ராணிப்பேட்டைல குவிச்சு வெச்சிருக்கற குரோமியக் கழிவையும் இப்படியே வீழ்படிய வெச்சுட முடியுமான்னு. நல்ல கேள்வி. அங்க பிரச்சனை குரோமேட், ஆறு ஆக்சிஜனேற்ற நிலை. அது எதிர் அயனி, OH⁻ போட்டா ஹைட்ராக்சைடா உக்காராது. முதல்ல Cr³⁺-ஆ ஒடுக்கணும், அப்புறம்தான் இந்தக் கணக்கு.

## பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தா

| | பார்முலா | டேபிள் | ரெண்டு வரி |
|---|---|---|---|
| கேள்வி 1, 2 | சரி, ரொம்ப வேகம் | சரி, டைம் வீண் | சரி, வேகம் |
| கேள்வி 3 | தப்பு | சரி, முதல் வரி சரியா இருந்தா | சரி, s எதுன்னு தெளிவா இருந்தா |
| கேள்வி 4 | வேலைக்கு ஆகாது | தேவையில்ல | சரி |
| கேள்வி 5 | (அ) தப்பு | OH⁻-க்கு 10⁻⁷ போட்டா சரி | சரி |
| தப்ப தானே கண்டுபிடிக்க | முடியாது | ஓரளவு | ஓரளவு, வார்த்தை எழுதினா நல்லா |

## யாருக்கு எது

ஒரு மார்க் கேள்வில "தூய நீரில்"னு இருந்து, உப்பு ஹைட்ராக்சைடு இல்லேன்னா, பார்முலா போடுங்க, யோசிக்கவே வேணாம். அதத் தாண்டி அதுக்கு ஒரே வேலைதான், கேள்வி 3-ல சொன்ன மாதிரி வெறும் தண்ணி விடைய ஓரத்துல எழுதி வெச்சு சரிபார்க்கறது.

பொது அயனி கணக்கு இன்னும் கைக்கு வராதவங்க, ஸ்கூல்ல டேபிள்தான் பழக்கினாங்கன்னா, டேபிளே வெச்சுக்கோங்க, எக்ஸாமுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்போ மாத்தினாலும் பரவால்ல, ரெண்டு வாரம் இருக்கறப்போ மாத்தாதீங்க. மாத்தாம இருந்தா ஒண்ணு மட்டும் பண்ணுங்க, முதல் வரில போடற ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல அது எந்த உப்புல இருந்து வந்துச்சுன்னு எழுதுங்க. அஞ்சு மார்க் கேள்விக்கு டேபிள் அழகா தெரியும், திருத்தறவங்களுக்கும் படிக்க ஈஸி, அது நிஜமான லாபம்தான்.

மத்தவங்க எல்லாருக்கும், முக்கியமா 1, 2 கேள்விய சரியா போட்டு மூணாவதுல மாட்டிக்கறவங்களுக்கு, நான் ரெண்டு வரி வழியதான் சொல்வேன். அஞ்சு கேள்விலயும் அது ஒண்ணுதான் மாறாம நிக்குது. அதோட விலை என்னன்னா கையெழுத்துல ஒழுங்கு வேணும், அடைப்புக்குறிய விட்டாலோ s என்னன்னு எழுதாம விட்டாலோ மொத்தமும் சரிஞ்சிடும்.

எந்த வழிய எடுத்திருக்கீங்களோ அத வெச்சு இத போட்டுப் பாருங்க: ரெண்டாவது கேள்வில இருக்கற அதே CaF₂, ஆனா 0.1 M NaF கரைசல்ல. 3.2 × 10⁻⁹ M வந்தா சரி. 8 × 10⁻¹⁰ வந்தா NaF-ஓட 0.1-ஐ ரெண்டால பெருக்கியிருக்கீங்க. 3.2 × 10⁻¹⁰ வந்தா ஃப்ளோரைடுக்கு வர்க்கம் போடல. 2 × 10⁻⁴ வந்தா கரைசல்ல NaF இருக்கறதயே பார்க்காம 4s³ போட்டுட்டீங்க, மூணாவது கேள்விக்கு திரும்பப் போங்க.